யாருடைய நஷ்டத்துக்குப் பயந்து இந்தப் படிகள்?

அமெரிக்காவில் பங்குச் சந்தைக் கணக்கு திறப்பது சில நிமிட வேலை. ஆனால் அதே கணக்கில் ஆப்ஷன் வர்த்தகம் செய்ய வேண்டுமானால் தனியாக ஒரு விண்ணப்பம் போட்டு, புரோக்கரின் ஒப்புதல் வாங்க வேண்டும். அந்த ஒப்புதலும் ஆம், இல்லை என்று ஒற்றை வார்த்தையில் வருவதில்லை. ‘உங்களுக்கு இந்த லெவல்’ என்று ஒரு படியில் நிறுத்திவைப்பார்கள். அந்தப் படியில் எவை அனுமதிக்கப்பட்டுள்ளனவோ அவற்றை மட்டும்தான் செய்யலாம். மேற்படிக்கான ஆர்டரைத் தட்டினால் திரை ஏற்றுக்கொள்ளாது.

புதிதாக வருபவரை இந்தப் படிகளின் வரிசை சற்றுக் குழப்பும். சார்ல்ஸ் ஷ்வாப் நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே படிகள் பூஜ்யத்தில் தொடங்கி மூன்றில் முடிகின்றன. பூஜ்யப் படியில் இருப்பவர், கையில் உள்ள பங்குகளின் மேல் கால் ஆப்ஷன் விற்கலாம். ஆனால் இருநூறு டாலர் கொடுத்து ஒரு கால் ஆப்ஷனை வாங்க முடியாது. அதற்கு ஒன்றாம் படி வேண்டும். விற்பது ஆபத்து, வாங்குவது பத்திரம் என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்? இங்கே ஏன் தலைகீழாக இருக்கிறது?

இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் படிகளின் தர்க்கம் முழுவதும் விளங்கிவிடும். அதற்கு முன் ஆப்ஷன் என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். நிலம் வாங்க அட்வான்ஸ் கொடுத்து, ‘ஆறு மாதத்துக்குள் இந்த விலைக்கு எனக்கே கிரயம் செய்து தர வேண்டும்’ என்று எழுதிக்கொள்கிறோம் அல்லவா, கால் ஆப்ஷன் ஏறக்குறைய அதுதான். அட்வான்ஸ் கொடுத்தவருக்கு வாங்கும் உரிமை உண்டு, கட்டாயம் இல்லை. வாங்கிக்கொண்டவருக்கோ கட்டாயம் உண்டு. புட் ஆப்ஷன் இதன் மறுபக்கம்: குறிப்பிட்ட விலைக்கு விற்கும் உரிமை. அந்த விலைக்கு ஸ்ட்ரைக் என்று பெயர், கொடுக்கும் பணத்துக்கு பிரீமியம் என்று பெயர். அமெரிக்காவில் ஒரு ஒப்பந்தம் என்றால் பொதுவாக 100 பங்குகள்.

படிகளை வகுப்பது யார்? அரசு அல்ல. புரோக்கர்களைக் கண்காணிக்கும் ஃபின்ரா அமைப்பின் 2360-ஆம் விதி, ஒவ்வொரு ஆப்ஷன் கணக்குக்கும் புரோக்கர் தனியாக ஒப்புதல் தர வேண்டும் என்கிறது. வாடிக்கையாளரின் வயது, வேலை, வருமானம், சொத்து மதிப்பு, அதில் எளிதில் பணமாகக்கூடியது எவ்வளவு, முதலீட்டு அனுபவம், நோக்கம் ஆகியவற்றைக் கேட்டறிய முயல வேண்டும், தகுதி பெற்ற ஒரு பொறுப்பாளர் அதைப் பார்த்து ஒப்புதல் தர வேண்டும், ஆப்ஷனின் ஆபத்துகளை விளக்கும் கையேட்டை வாடிக்கையாளருக்குக் கொடுத்திருக்க வேண்டும் என்றெல்லாம் சொல்கிறது. ஆனால் ‘இத்தனை படிகள், இந்தப் படியில் இது’ என்று அது அட்டவணை போட்டுத் தரவில்லை. அந்த வேலை ஒவ்வொரு நிறுவனத்தின் பொறுப்பு. அதனால்தான் ஷ்வாபின் ஒன்றாம் படியும் இன்னொரு நிறுவனத்தின் ஒன்றாம் படியும் வேறு வேறாக இருக்கின்றன. முன்பு ஐந்து படி வைத்திருந்த ஃபிடெலிட்டி பின்னர் மூன்றாகச் சுருக்கிக்கொண்டது. ‘எனக்கு லெவல் 2 கிடைத்துவிட்டது’ என்று நண்பர் சொன்னால், எந்த நிறுவனத்தில் என்று கேட்காமல் அதற்கு அர்த்தமே இல்லை.

எண்கள் மாறினாலும் வரிசை பெரும்பாலும் ஒன்றுதான். ஒரே ஒரு பங்கை வைத்துக்கொண்டு நாமும் கீழிருந்து மேலே ஏறிப் பார்க்கலாம். அதன் இன்றைய விலை 50 டாலர்.

அடிப்படியில் இருப்பது கவர்ட் கால். உங்களிடம் 100 பங்குகள் இருக்கின்றன, மதிப்பு 5,000 டாலர். 55 டாலர் ஸ்ட்ரைக்கில் ஒரு கால் ஆப்ஷனை விற்று 120 டாலர் பிரீமியம் வாங்கிக்கொள்கிறீர்கள். பங்கு 70-க்குப் போனாலும் 55-க்குக் கொடுத்துவிட வேண்டும். வருத்தமாக இருக்கும், ஆனால் கொடுக்க வேண்டிய பங்குகள் கணக்கிலேயே இருக்கின்றன. அதே படியில் அல்லது அதற்கு அடுத்ததில் பணத்தை ஒதுக்கி வைத்து புட் விற்பதும் வரும். 45 டாலர் ஸ்ட்ரைக்கில் ஒரு புட் விற்று 100 டாலர் வாங்குகிறீர்கள். பங்கு விழுந்தால் 4,500 டாலர் கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த 4,500-ஐ புரோக்கர் முதல் நாளே கணக்கில் பூட்டிவைத்துவிடுவார்.

அடுத்த படி, ஆப்ஷன் வாங்குவது. 200 டாலர் கொடுத்து ஒரு கால் ஆப்ஷன் வாங்குகிறீர்கள். கணிப்பு தப்பினால் 200 டாலரும் போய்விடும். அதற்கு மேல் ஒரு சென்ட் கூடப் போகாது.

இப்போது பங்கு 30 டாலருக்கு விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஆப்ஷன் வாங்கியவருக்கு நஷ்டம் 200 டாலர். புட் விற்றவருக்கு, வாங்கிய பிரீமியத்தைக் கழித்தால், 1,400 டாலர். பங்கையே வைத்துக்கொண்டு கால் விற்றவருக்கு 1,880 டாலர். அதிகம் இழந்தவர் கீழ்ப்படிக்காரர், குறைவாக இழந்தவர் மேற்படிக்காரர்.

இதற்கு நிறுவனங்கள் சொல்லும் நியாயம் ஒன்று உண்டு. 1,880 டாலரை இழந்தவர் கையில் இன்னும் 3,000 டாலர் பங்கு இருக்கிறது. 200 டாலர் கொடுத்து வாங்கியவருக்கு முதல் முழுவதும் போய்விட்டது. ஆப்ஷனுக்குக் காலாவதி தேதி உண்டு, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும், அதனால் புதியவர் திரும்பத் திரும்ப வாங்கித் திரும்பத் திரும்ப முதலை இழப்பார் என்பதும் உண்மை. ஆனாலும் என் பார்வையில் படிகளின் வரிசைக்கு முதுகெலும்பு வேறு. உங்கள் நஷ்டம் உங்கள் கணக்கில் இருக்கும் பணத்தைத் தாண்டிப் போய் புரோக்கரின் கைக்காசைத் தொடுமா என்பதுதான் அது. கவர்ட் கால், பணம் பூட்டிய புட், ஆப்ஷன் வாங்குதல் ஆகிய மூன்றிலும் தொடாது. ஆகவே அவை கீழே. அதனால்தான் இந்த மூன்றையும் ஒரே படியில் போட்டுவிடும் நிறுவனங்களும் இருக்கின்றன. மேலே போகப் போக, தாண்டிப் போகும் வாய்ப்பு கூடுகிறது. நீங்கள் எவ்வளவு அடிக்கடி தோற்பீர்கள் என்பதை இந்தப் படிகள் அளப்பதில்லை. அடிப்படியில் இருந்துகொண்டே ஒருவர் தன் முழுப் பணத்தையும் நிதானமாக இழக்கலாம், எந்தப் படியும் தடுக்காது.

அடுத்தது ஸ்பிரெட். இங்கேதான் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள், ஆகவே நிதானமாகப் பார்ப்போம்.

45 ஸ்ட்ரைக் புட்டை 1 டாலருக்கு விற்று, பாதுகாப்புக்காக 40 ஸ்ட்ரைக் புட்டை 40 சென்ட்டுக்கு வாங்குகிறீர்கள். பங்கு ஒன்றுக்கு 60 சென்ட் கையில் நிற்கும். ஐந்து ஒப்பந்தங்கள் போட்டால் 300 டாலர். பங்கு எவ்வளவு விழுந்தாலும் 45-க்கு வாங்க வேண்டிய கட்டாயத்துக்கு எதிராக 40-க்கு விற்கும் உரிமை இருக்கிறது. ஆக, பங்குக்கு 5 டாலர் இடைவெளி, 500 பங்குகளுக்கு 2,500. கையில் வந்த 300-ஐக் கழித்தால் அதிகபட்ச நஷ்டம் 2,200 டாலர். இதே புட்டைப் பணம் பூட்டி விற்றிருந்தால் 22,500 டாலர் வைத்திருக்க வேண்டும். ஸ்பிரெட்டில் 2,500 டாலர் கணக்கே போதும். கவர்ச்சி அங்கேதான் இருக்கிறது. இதற்கு மார்ஜின் கணக்கு தேவை. குறைந்தது 2,000 டாலர் இருக்க வேண்டும் என்பது விதி.

‘அதிகபட்ச நஷ்டம் 2,200’ என்று திரையும் காட்டும். அது எப்போது உண்மை என்றால், இரண்டு கால்களும் உயிரோடு இருக்கும்வரை.

வெள்ளிக்கிழமை காலாவதி. சந்தை முடியும்போது பங்கு 43-இல் நிற்கிறது. காலாவதி நாளில் ஒரு சென்ட் லாபத்தில் இருக்கும் ஆப்ஷனைக்கூட, உடையவர் வேண்டாம் என்று சொல்லாவிட்டால், தீர்வகமான ஓசிசி தானாகவே நிறைவேற்றிவிடும். ஆகவே நீங்கள் விற்ற 45 புட் உங்கள் மேல் வந்து விழும்: 500 பங்குகளை 22,500 டாலருக்கு வாங்கியாக வேண்டும். நீங்கள் வாங்கிய 40 புட்? பங்கு 43-இல் இருப்பதால் அதற்கு மதிப்பில்லை; அன்று மாலையோடு செத்துவிட்டது. சனிக்கிழமை காலை கணக்கைத் திறந்தால், 2,800 டாலர் வைத்திருந்த இடத்தில் 500 பங்குகளும் கிட்டத்தட்ட 19,700 டாலர் கடனும் நிற்கின்றன. பாதுகாப்பு எதுவும் இல்லை. விற்கலாம் என்றால் சந்தை திங்கட்கிழமைதான் திறக்கும்.

இடையில் நிறுவனத்தைப் பற்றி ஏதோ கெட்ட செய்தி. திங்கள் காலை பங்கு 36-இல் திறக்கிறது. 500 பங்குகளை விற்றால் 18,000 டாலர். நஷ்டம் 4,500, பிரீமியம் 300 போக 4,200. உங்கள் 2,500 டாலர் முழுவதும் போய், மேலும் 1,700 டாலர் புரோக்கருக்குத் தர வேண்டும். 2,200-க்கு மேல் போகாது என்று காட்டிய அதே வர்த்தகம்தான் இது.

ஸ்பிரெட்டுக்குத் தனிப் படி எதற்கு என்று இப்போது புரியும். காலாவதி நாளன்று பிற்பகல், கணக்கில் போதிய பணம் இல்லை என்று தெரிந்தால், உங்களைக் கேட்காமலே ஸ்பிரெட்டை முடித்துவிடும் வழக்கம் பல நிறுவனங்களில் இருப்பதும் இதனால்தான். ‘இன்னும் ஒரு மணி நேரம் விட்டிருந்தால் லாபம் வந்திருக்கும்’ என்று வாடிக்கையாளர்கள் புலம்புவார்கள். வந்திருக்கலாம். ஆனால் 22,500 டாலரை வார இறுதி முழுவதும் தூக்கிச் சுமப்பவர் புரோக்கர்.

காலாவதிக்கு முன்பே விற்ற கால் மட்டும் வந்து விழுவதும் நடக்கும். அமெரிக்கப் பங்கு ஆப்ஷன்களை வாங்கியவர் எந்த நாளிலும் நிறைவேற்றலாம். அப்போது பயப்படக் காரணமில்லை. 40 புட் இன்னும் உயிரோடு இருக்கிறது, அதை நிறைவேற்றினால் நஷ்டம் அதே 2,200-இல் நின்றுவிடும். ஆனால் திரையில் முதலில் தெரிவது அந்தப் பாதுகாப்பு அல்ல, பெரிய மைனஸ் எண். 2020 ஜூனில் இருபது வயது மாணவர் ஒருவர் ராபின்ஹுட் செயலியில் புட் ஸ்பிரெட் போட்டிருந்தார். விற்ற பக்கம் வந்து விழ, கணக்கு ஏழு லட்சம் டாலருக்கும் மேல் மைனஸ் என்று காட்டியது. அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். திரை காட்டிய எண்ணே தவறு என்று ஃபின்ரா பின்னர் பதிவு செய்தது.

அடுத்த ஆண்டு ஜூனில் ராபின்ஹுட் மீது ஃபின்ரா எடுத்த நடவடிக்கையில் 5.7 கோடி டாலர் அபராதமும், வாடிக்கையாளர்களுக்கு ஏறத்தாழ 1.26 கோடி டாலர் இழப்பீடும் விதிக்கப்பட்டன. காரணங்களில் ஒன்று, நாம் பேசிக்கொண்டிருக்கும் இந்த ஒப்புதல்தான். விண்ணப்பங்களைத் தானியங்கி நிரல்களே பார்த்து ஒப்புதல் கொடுத்தன. பொறுப்பாளர்களின் மேற்பார்வை மிகக் குறைவு. இருபத்தோரு வயதுகூட ஆகாதவர்கள் ‘எனக்கு மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆப்ஷன் அனுபவம்’ என்று எழுதியிருந்தார்கள், அதையும் நிரல் ஏற்றுக்கொண்டது. பதினெட்டு வயதில்தானே கணக்கே திறக்க முடியும் என்ற கூட்டல் கழித்தலை யாரும் போட்டுப் பார்க்கவில்லை. அதற்குச் சில வாரங்கள் முன், 2021 ஏப்ரலில், ஒப்புதல் வேலையைச் சடங்காகச் செய்யாதீர்கள் என்று எல்லா புரோக்கர்களுக்கும் ஃபின்ரா ஒரு சுற்றறிக்கையும் அனுப்பியிருந்தது.

உச்சிப்படிக்கு வருவோம். அங்கே இருப்பது நேக்கட், அதாவது பின்னால் பங்கோ பூட்டிய பணமோ பாதுகாப்புக் காலோ இல்லாமல் விற்பது. வேடிக்கை என்னவென்றால், நேக்கட் புட்டும் பணம் பூட்டிய புட்டும் ஒரே ஒப்பந்தம்தான். பங்கு 30-க்கு விழுந்தால் இரண்டிலும் அதே 1,400 டாலர்தான் நஷ்டம். பூட்டு இருக்கிறதா இல்லையா என்பது மட்டுமே வித்தியாசம். அந்த ஒரு பூட்டுக்காக ஒன்று அடிப்படியிலும் மற்றது உச்சியிலும் இருக்கிறது. நஷ்டம் யார் பணத்தைத் தொடும் என்பதே கணக்கு என்று மேலே சொன்னதற்கு இதைவிடச் சுருக்கமான சாட்சி வேண்டாம்.

நேக்கட் காலில் நஷ்டத்துக்கு எல்லையே இல்லை. அதே 55 ஸ்ட்ரைக் காலை, கையில் பங்கு இல்லாமல், 120 டாலருக்கு விற்கிறீர்கள். விதிப்படி குறைந்தபட்ச மார்ஜின் இப்படி: பங்கு மதிப்பில் 20 சதவீதம், அதாவது 1,000 டாலர், ஸ்ட்ரைக் இன்னும் 5 டாலர் தள்ளி இருப்பதால் அதில் 500-ஐக் கழிக்கலாம், ஆப்ஷனின் மதிப்பு 120-ஐக் கூட்ட வேண்டும். மொத்தம் 620. அதில் 120 வாங்கிய பிரீமியம், ஆகவே உங்கள் கையிலிருந்து 500 டாலர். நிறுவனங்கள் பெரும்பாலும் இதைவிடக் கூடுதலாகக் கேட்கும். ஏனென்றால், நல்ல செய்தி வந்து பங்கு 90-க்குத் தாவினால் நஷ்டம் 3,380 டாலர். மார்ஜின் தேவையும் அப்படியே நிற்காது; பங்கு ஏற ஏற அதுவும் ஏறி, 5,300 டாலரைத் தாண்டிவிடும். கட்ட முடியாவிட்டால் புரோக்கர் அந்தக் காலை அன்றைய விலைக்கே திரும்ப வாங்கி முடித்துவிடுவார்.

ஆகவே இந்தப் படிக்கு விதியே தனி நிபந்தனைகள் வைத்திருக்கிறது. மூடாமல் விற்பவருக்கென்று எழுதிய தனி எச்சரிக்கை அறிக்கையைக் கொடுக்க வேண்டும். கணக்கில் குறைந்தபட்சம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று நிறுவனம் வரையறுக்க வேண்டும். ஓய்வூதியக் கணக்குகளான ஐஆர்ஏ-வில் நேக்கட் கால் கிடைக்காது. அங்கே கடனுக்கு இடமில்லை. ராபின்ஹுட் போன்ற சிலர் சாதாரண வாடிக்கையாளருக்கு இந்தப் படியையே வைக்கவில்லை.

இனி விண்ணப்பம். அதில் நோக்கம் என்ன என்று ஒரு கேள்வி இருக்கும்: முதலைக் காப்பதா, வருமானமா, வளர்ச்சியா, ஊகமா? ‘முதலைக் காப்பது’ என்று தேர்ந்தெடுத்தால் மேற்படிகள் கிடைப்பது கடினம். இதைத் தெரிந்துகொண்டு ‘ஊகம்’ என்று மாற்றி, அனுபவத்தில் ஐந்து ஆண்டு என்று போட்டு, வருமானத்தைக் கொஞ்சம் உயர்த்தி எழுதி மறுநாளே மறுபடி விண்ணப்பிக்கும் ஆலோசனை எல்லா இடத்திலும் கிடைக்கிறது. பலருக்கு அது பலிக்கவும் செய்கிறது.

அது பலிப்பதில்தான் சிக்கல். பின்னால் பெரிய நஷ்டம் வந்து, ‘என்னைப் போன்றவனுக்கு இந்தப் படியைக் கொடுத்திருக்கக் கூடாது’ என்று நீங்கள் ஃபின்ராவின் நடுவர் மன்றத்துக்குப் போனால், எதிர்த்தரப்பு முதலில் எடுத்து நீட்டுவது உங்கள் விண்ணப்பத்தைத்தான். ஐந்து ஆண்டு அனுபவம் என்று கையெழுத்திட்டவர் நீங்களே. புரோக்கருக்கு அந்தத் தாள் ஒரு கேடயம். உண்மையை எழுதினால் அது உங்களுக்குக் கேடயம்.

இந்தியாவில் பழகியவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதாக இருக்கும். இங்கே எஃப் அண்டு ஓ பிரிவைத் திறக்க வருமானச் சான்று ஒன்று கொடுத்தால் போதும். அதன் பிறகு படி எதுவும் இல்லை. மார்ஜின் இருந்தால் முதல் நாளே நிஃப்டியில் நேக்கட் விற்கலாம். காவல் முழுவதும் மார்ஜின் தொகையிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளைச் சேர்த்துப் பார்த்த செபி, தனிநபர் வர்த்தகர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டம் அடைந்ததாகச் சொன்னது. அமெரிக்கப் படிகள் இருந்திருந்தால் இது குறைந்திருக்குமா? எனக்கு நம்பிக்கை இல்லை. சிறு தொகைக்கு ஆப்ஷன் வாங்கித் தோற்பவரை அங்கேயும் படி தடுப்பதில்லை. இந்தியாவில் வசிப்பவர், வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் எல்ஆர்எஸ் திட்டத்தின் கீழ் அமெரிக்கக் கணக்கில் இதையெல்லாம் செய்யலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். வெளிநாட்டுச் சந்தையில் மார்ஜினுக்கோ மார்ஜின் அழைப்புக்கோ பணம் அனுப்ப அந்தத் திட்டத்தில் அனுமதியில்லை. ஸ்பிரெட், நேக்கட் இரண்டும் அதோடு அடிபட்டுப் போகின்றன.

அமெரிக்காவில் இருந்துகொண்டு ஸ்பிரெட் படிக்கு விண்ணப்பிக்க நினைப்பவர், அதற்கு முன்பே தன் புரோக்கரிடம் மூன்று விஷயங்களை எழுத்தில் கேட்டு வாங்கிவைக்கலாம். காலாவதி நாளில் எத்தனை மணிக்கு ஸ்பிரெட்டைத் தாங்களாகவே முடிப்பார்கள்? காலாவதிக்கு முன் விற்ற கால் வந்து விழுந்தால் வாங்கிய காலைத் தாங்களே நிறைவேற்றுவார்களா, அல்லது வாடிக்கையாளர்தான் சொல்ல வேண்டுமா? அப்படிச் சொல்ல எந்த எண்ணை அழைக்க வேண்டும், மறுமுனையில் மனிதர் எடுப்பாரா?